சங்கத் தேர்தல் வாக்குச்சீட்டு: பெயர்களைச் சுழற்றி அச்சடித்தால் போதுமா?

மணிமாறன்

எங்கள் ஊழியர் சங்கத்தில் 900 உறுப்பினர்கள். செயலாளர் பதவிக்கு இந்த முறை ஆறு பேர் போட்டியிடுகிறார்கள். கட்சியும் கிடையாது, சின்னமும் கிடையாது. சீட்டில் பெயர் மட்டுமே இருக்கும். சென்ற தேர்தலில் அகரவரிசைப்படி அச்சடித்தோம். பட்டியலில் முதலில் இருந்தவர் 11 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். தோற்றவரின் பெயர் 'வை'யில் தொடங்குகிறது. கடைசி வரி அவருக்கு. "என் பெற்றோர் வைத்த பெயரால் தோற்றேன்" என்று அவர் பொதுக்குழுவில் சொன்னபோது பலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்த முறை தேர்தல் குழுவில் நானும் இருக்கிறேன். ஆறு வகைச் சீட்டு அச்சடிக்கலாம் என்பது என் யோசனை. முதல் வகையில் 1, 2, 3, 4, 5, 6 என்ற வரிசை. அடுத்த வகையில் தலைப்பெயரைக் கடைசிக்கு இறக்கி 2, 3, 4, 5, 6, 1. இப்படியே ஆறு வகைக்கும். ஒவ்வொருவரும் ஒரு வகையில் முதலிடம் பெறுவார்கள். இதில் ஓட்டை ஏதும் இருக்கிறதா?

அறிவொளி

எதற்கு இவ்வளவு சிரமம்? ஆறு பேரின் முன்னிலையில் ஒரு குடத்தில் சீட்டுப் போட்டுக் குலுக்கி எடுங்கள். வந்த வரிசையில் அச்சடித்துவிடுங்கள். எல்லோருக்கும் சம வாய்ப்பு. யாரும் குறை சொல்ல முடியாது.

பழனிவேல்

நான் தேர்தல் பணியில் 20 ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன். வரிசையை நம் விருப்பத்துக்கு மாற்ற முடியாது, தம்பி. முதலில் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளின் வேட்பாளர்கள், அடுத்து பதிவு மட்டும் செய்த கட்சிகளின் வேட்பாளர்கள், பிறகு சுயேச்சைகள். ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் அகரவரிசை. கடைசியில் நோட்டா. ஒரு வாக்குப்பதிவுக் கருவியில் 16 வரிகள். அதற்கு மேல் போனால் அடுத்த கருவியை இணைக்க வேண்டும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படிதான் எல்லாம் நடக்கும்.

மணிமாறன்

ஐயா, நீங்கள் சொல்வது சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தலுக்கு. எங்களுடையது சங்கத் தேர்தல், காகிதச் சீட்டு. சீட்டின் வரிசையை முடிவு செய்யும் உரிமையைச் சங்க விதி தேர்தல் குழுவுக்கே தந்திருக்கிறது.

செல்வநாயகி

மணிமாறன், உங்கள் யோசனையில் பாதி சரி. மீதிப் பாதியில் ஓட்டை இருக்கிறது. அதற்கு முன் அறிவொளிக்கு ஒரு பதில்.

குலுக்கல் சம வாய்ப்பைத் தருகிறது, உண்மை. ஆனால் அந்தச் சமம் குலுக்கி முடியும் வரைதான். குடத்திலிருந்து முதல் பெயர் வெளியே வந்த நொடியில் 900 சீட்டிலும் ஒரே ஆள் மேலே போய் அமர்ந்துவிடுகிறார். மேல் இடத்தால் 20 வாக்கு கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால், அந்த 20 வாக்கும் அவர் ஒருவருக்கே. குலுக்கல் அந்தப் பரிசை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்கிறது; பரிசு அப்படியே இருக்கிறது. அதை ஆறு பேருக்கும் பங்கிட வேண்டுமானால் சுழற்றித்தான் ஆக வேண்டும்.

இரண்டையும் சேர்த்துச் செய்த இடம் கலிபோர்னியா. சாண்டா மோனிகா நகரமன்றத் தேர்தலில் பதவியில் இருப்பவர்களின் பெயரை முதலில் அச்சிடும் வழக்கம் இருந்தது. 1975இல் கூல்ட் எதிர் கிரப் வழக்கில் அந்த மாநில உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதற்குப் பதிலாக அகரவரிசையை வைத்துக்கொள்வதையும் அது ஏற்கவில்லை. அதன் பிறகு வந்த முறை இது: ஒவ்வொரு தேர்தலுக்கும் முன்னால் ஆங்கிலத்தின் 26 எழுத்துகளையும் குலுக்கி ஒரு புதிய அகரவரிசையை உண்டாக்குகிறார்கள். அந்த வரிசையில் பெயர்களை அடுக்குகிறார்கள். மாநிலம் முழுவதற்குமான பதவி என்றால், 80 சட்டமன்றத் தொகுதிகளில் முதல் தொகுதிக்கு அந்த வரிசை அப்படியே போகும். இரண்டாம் தொகுதியில் தலைப்பெயர் கடைசிக்கு இறங்கும். மூன்றாம் தொகுதியில் அடுத்த பெயர் இறங்கும். நீங்கள் நினைத்த அதே சுழற்சி.

2003 அக்டோபர் 7 அன்று ஆளுநரைத் திரும்ப அழைக்கும் வாக்கெடுப்பு நடந்தபோது இந்த முறையின் இரண்டு ஓட்டைகள் ஒரே நாளில் வெளிப்பட்டன. நாளை எழுதுகிறேன், பேரக்குழந்தை மடியில் தூங்குகிறது.

தென்றல்

ஒரு ஐயம். அர்னால்டு ஸ்வார்சநெகர் வென்ற தேர்தல்தானே அது? நூற்றுக்கு 48க்கு மேல் வாக்கு வாங்கினார். பட்டியலில் அவர் எங்கே இருந்தாலும் வென்றிருப்பார். யாருக்கு வாக்களிப்பது என்று மனத்தில் முடிவோடு வருகிறவருக்கு வரிசையால் ஒன்றும் ஆகாது. இதைப் பெரிதுபடுத்துகிறோம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஹோபார்ட் கயல்

தென்றல், முடிவோடு வராதவர்களும் வாக்களிக்கிறார்களே. நான் டாஸ்மேனியாவில் 14 ஆண்டுகளாக இருக்கிறேன். இங்கே வாக்களிப்பது கட்டாயம். அரசியலில் அக்கறையே இல்லாதவரும் சாவடிக்கு வந்தாக வேண்டும். ஒரு பெயருக்கு நேராகக் குறி போடுவதோடு வேலை முடியாது. விருப்ப வரிசைப்படி எண் இட வேண்டும். சலிப்பில் சிலர் மேலிருந்து கீழாக 1, 2, 3 என்று போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஆஸ்திரேலியாவில் அதற்குக் கழுதை வாக்கு என்றே பெயர்.

2024 மார்ச்சில் மாநிலத் தேர்தல். எங்கள் தொகுதி கிளார்க், ஏழு உறுப்பினர்கள். குறைந்தது 1 முதல் 7 வரை எண் இட வேண்டும். வாக்களித்துவிட்டு வெளியே வந்து கணவரிடம், "உங்கள் சீட்டில் அந்தக் கட்சியின் பத்தியில் மேலே யார் இருந்தார்கள்?" என்று கேட்டேன். அவர் ஒரு பெயர் சொன்னார். என் சீட்டில் வேறு பெயர். அடுத்தடுத்து நின்று வாங்கிய சீட்டுகள்! அன்றுதான் இந்த ஏற்பாடு எனக்கு உறைத்தது. நீல் ராப்சன் என்ற சட்டமன்ற உறுப்பினர் 1979இல் கொண்டுவந்த மாற்றம் இது. 1980இல் ஓர் இடைத்தேர்தலில் முதன்முதலாகப் பயன்படுத்தினார்கள். இன்றும் ராப்சன் சுழற்சி என்றுதான் சொல்கிறார்கள்.

இங்கே இதனால் இன்னொன்றும் நடக்கிறது. கட்சி தன் ஆட்களை ஒரு வரிசையில் நிறுத்தி, "இந்த வரிசைப்படியே போடுங்கள்" என்று சொல்ல வழியில்லை. ஒரே கட்சிக்காரர்கள் தங்களுக்குள்ளும் மோதித்தான் ஜெயிக்க வேண்டும். இது நல்லதா என்று எனக்கு இன்னும் தெளிவில்லை. என் பக்கத்து வீட்டுக்காரர் இதை வெறுக்கிறார்.

செல்வநாயகி

கயல் சொன்னது நான் எழுத வந்ததற்கு நேராகக் கொண்டுபோய் நிறுத்துகிறது. நன்றி.

2003இல் எழுத்துக் குலுக்கலில் வந்த வரிசை ஆர், டபிள்யூ, கியூ, ஓ, ஜே என்று தொடங்கியது. வேட்பாளர்கள் 135 பேர். தொகுதிகள் 80. இங்கேயே முதல் ஓட்டை. தொகுதிக்கு ஒரு பெயராக இறக்கினால், முதல் 80 பேர் மட்டுமே எங்காவது ஒரு தொகுதியில் தலைப்பெயராக வர முடியும். 81ஆம் ஆளிலிருந்து 135ஆம் ஆள் வரை 55 பேருக்கு எந்தத் தொகுதியிலும் அந்த இடம் இல்லை. சுழற்சி முழு வட்டம் சுற்றவில்லை. மேலும், ஒருவர் தலைப்பெயராக வருவது ஒரே தொகுதியில். அது அவருக்கு ஆதரவே இல்லாத ஊராகவும் இருக்கலாம். சீட்டு வகையும் ஊரும் ஒட்டிக்கொண்டால் பங்கீடு கோணலாகிவிடும்.

இரண்டாவது ஓட்டை நுட்பமானது. வட்டமாகச் சுற்றும்போது தலை மாறுகிறது, ஆனால் பக்கத்து ஆள் மாறுவதில்லை. பந்தியில் எல்லோரையும் ஓர் இலை தள்ளி உட்காரச் சொன்னால் அண்டை இலைக்காரர் அதே ஆள்தானே? ஸ்வார்சநெகரின் பெயருக்கு அடுத்து ஜார்ஜ் ஸ்வார்ட்ஸ்மன் என்ற, பலருக்கும் தெரியாத ஒரு தொழிலதிபரின் பெயர். வழக்கமான ஆங்கில வரிசையில் டி முன்னால், இசட் பின்னால். அதன்படி ஸ்வார்ட்ஸ்மன்தான் முதலில் வந்திருக்க வேண்டும். அந்த ஆண்டுக் குலுக்கலில் இசட் முந்திக்கொண்டதால் அவர் ஸ்வார்சநெகருக்கு நேர் கீழே வந்தார். சுழற்சியால் தொகுதிக்குத் தொகுதி இருவரும் கைகோத்தபடியே நகர்ந்தார்கள். 135 பேரில் அவர் ஒன்பதாவது இடம் பிடித்தார். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகள். அவற்றில் எத்தனை பேர் கை தவறியோ பெயர் மயங்கியோ போட்டவை என்று யாராலும் எண்ணிச் சொல்ல முடியாது. ஆனால் முகம் தெரியாத ஒருவர் அந்த இடத்துக்கு வந்ததற்கு எனக்கு வேறு நல்ல காரணம் தென்படவில்லை.

தென்றல், நீங்கள் சொன்னதில் உண்மை இருக்கிறது. டேனியல் ஹோ, கோசுகே இமாய் என்ற இருவர் இதே 2003 தேர்தலை ஆராய்ந்தார்கள். வாக்குச்சீட்டு பல பக்கமாக இருந்ததால், முதல் பக்கத்தில் பெயர் வந்தால் என்ன ஆகிறது என்று பார்த்தார்கள். சிறு வேட்பாளர்களில் நூற்றுக்கு 40 பேருக்கும் மேல் முதல் பக்கத்தால் கூடுதல் வாக்கு பெற்றிருந்தார்கள். பெரும்புள்ளிகளை அது அசைக்கவில்லை. ஆனால் அவர்களே கலிபோர்னியாவின் வேறு தேர்தல்களையும் ஆராய்ந்தார்கள். ஒரே கட்சிக்காரர்கள் தங்களுக்குள் போட்டியிடும் முதற்கட்டத் தேர்தலில், மேலே இருப்பது பெரியவர், சிறியவர் என்றில்லாமல் எல்லோருக்கும் வாக்கு சேர்த்தது. அங்கே கட்சிப் பெயர் வழிகாட்டாது. எல்லோரும் ஒரே கட்சி. மணிமாறனின் சங்கத் தேர்தல் இந்த வகை. கட்சி இல்லை, சின்னம் இல்லை. பெயர் தெரியாதபோது கண் மேலேதான் நிற்கும்.

தென்றல்

ஏற்கிறேன். பொதுத் தேர்தலை மட்டுமே மனத்தில் வைத்துப் பேசிவிட்டேன்.

மணிமாறன்

அம்மா, ஒன்று புரியவில்லை. எங்கள் தேர்தலில் எண் இடுவது இல்லை; ஒரே ஒரு குறிதான். பக்கத்து ஆள் மாறாமல் இருந்தால் எங்களுக்கு என்ன கேடு?

செல்வநாயகி

எண் இடும் தேர்தலில் கேடு அதிகம். கழுதை வாக்கில் 1 பெற்றவர் வெளியேறினால் அவருடைய வாக்கு அடுத்த வரியில் இருப்பவருக்குப் போகும். சுழற்சி வட்டமாக மட்டும் இருந்தால், செல்வாக்கில்லாத ஒருவருக்குக் கீழே அமர்ந்தவர் வகைக்கு வகை அந்த மிச்சத்தை அள்ளிக்கொள்வார். ஆஸ்திரேலியத் தலைநகரப் பகுதியில் இதைக் கண்டுகொண்டுதான் 2001 தேர்தலிலிருந்து வகைகளைப் பெருக்கினார்கள். ஐந்து உறுப்பினர் தொகுதிக்கு 60 வகை.

உங்களுக்குக் கேடு குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. ஆறு பேரில் ஒத்த பெயர் இரண்டு இருக்கிறதா? ஒரு செல்வராஜும் ஒரு செல்வராசனும் அடுத்தடுத்து அமர்ந்தால், குறி தவறும் ஒவ்வொரு முறையும் இழப்பும் லாபமும் அதே இருவருக்குத்தான்.

இதைச் சரிசெய்ய வகைகளைக் கூட்ட வேண்டியதில்லை. ஆறே வகையில் முடியும். ஆட்களின் எண்ணிக்கை இரட்டைப்படை என்பதால் உங்களுக்கு அதிர்ஷ்டம். இடமிருந்து வலமாகப் படித்தால் அது சீட்டில் மேலிருந்து கீழ்:

```
வகை 1:  1 2 6 3 5 4
வகை 2:  2 3 1 4 6 5
வகை 3:  3 4 2 5 1 6
வகை 4:  4 5 3 6 2 1
வகை 5:  5 6 4 1 3 2
வகை 6:  6 1 5 2 4 3
```

எந்தப் பத்தியையும் மேலிருந்து கீழாகப் பாருங்கள். ஆறு பேரும் ஒருமுறை வருவார்கள். அதனால் முதலிடம் மட்டுமல்ல, கடைசி இடமும் நடு இடங்களும் சமமாகப் பங்காகின்றன. இப்போது யாராவது இருவரை எடுத்துக்கொள்ளுங்கள். 2க்கு நேர் கீழே 5 எத்தனை முறை வருகிறார்? வகை 3இல் மட்டும். 5க்கு நேர் கீழே 2? சரிபாருங்கள்: வகை 6இல் மட்டும். எந்த இருவரை எடுத்தாலும் இப்படியேதான். உங்கள் வட்டச் சுழற்சியிலோ 1க்குக் கீழே 2 ஐந்து முறை வருவார். 1க்குக் கீழே 3 ஒருமுறைகூட வரமாட்டார்.

எந்த வேட்பாளருக்கு 1, எவருக்கு 2 என்பதை மட்டும் குலுக்கிப் போடுங்கள். அறிவொளியின் குடம் அங்கே பயன்படும்.

அறிவொளி

குடத்தைத் தூக்கி எறியாமல் விட்டதற்கு நன்றி, அம்மா. என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். ஆட்கள் ஏழு பேர் என்றால்?

செல்வநாயகி

ஒற்றைப்படை எண்ணிக்கையில் பொதுவாக இரட்டிப்பு வகை தேவைப்படும். ஏழு பேருக்கு 14 வகை. அச்சகத்தார் முகம் சுளிப்பார்.

பழனிவேல்

இப்போது கேள்வி புரிந்தது. முதலில் தவறாக எடுத்துக்கொண்டேன். ஆனால் என் அனுபவத்திலிருந்து ஒன்று சொல்ல வேண்டும். 1996இல் மொடக்குறிச்சி தொகுதியில் 1033 பேர் போட்டியிட்டார்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாகத் தைத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. அப்படிப்பட்ட நாளில் தன் வேட்பாளரை ஒருவர் கண்டுபிடிக்கக் கைகொடுப்பது தெரிந்த வரிசைதான். சுழற்றினால் அந்தப் பிடி போய்விடும். இன்றும் கிராமத்தில் பிரசாரம் எப்படி? "மூன்றாவது பட்டன், இந்தச் சின்னம்" என்றுதான் சொல்கிறார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படும் முதியவருக்கு அந்த மூன்று என்பது பெரிய துணை. அதைப் பறிப்பது நியாயமா?

சங்கத்துக்கு இன்னொரு தொல்லை எண்ணும் மேசையில் வரும். ஒரே வரிசைச் சீட்டை எண்ணும்போது கண் பெயரைப் படிப்பதில்லை, குறி எந்த உயரத்தில் இருக்கிறது என்று மட்டுமே பார்க்கும். ஆறு வகை கலந்திருந்தால் அந்தப் பழக்கம் ஆளை ஏமாற்றிவிடும். இரவு பத்து மணிக்கு மேல் களைப்பில் நிச்சயம் தவறு நடக்கும். முதலில் சீட்டுகளை வகை வகையாகப் பிரித்துவிட்டு, பிறகு ஒவ்வொரு வகையையும் தனியாக எண்ணச் சொல்லுங்கள். மூலையில் வகை எண் பெரிதாக இருக்கட்டும்.

சுடர்விழி

நான் பார்வையற்றவள், பள்ளி ஆசிரியை. பொதுத் தேர்தலில் கருவியின் பொத்தான்களுக்குப் பக்கத்தில் பிரெய்ல் எண் இருக்கிறது. பிரெய்லில் அச்சடித்த பட்டியலைத் தடவிப் படித்து, என் வேட்பாளர் எத்தனையாவது என்று தெரிந்துகொண்டு, அந்த எண்ணைத் தேடி நானே அழுத்துகிறேன். யாருடைய உதவியும் இல்லாமல் வாக்களிக்கும் அந்த ஒரு நிமிடம் எனக்கு எவ்வளவு முக்கியம் என்று எழுத்தில் சொல்வது கடினம். வரிசை சீட்டுக்குச் சீட்டு மாறினால் நான் மறுபடி ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். உங்கள் 900 பேரில் என்னைப் போன்றவர் இருக்கிறாரா என்று கேட்டீர்களா?

மணிமாறன்

கேட்கவில்லை. இருவர் இருக்கிறார்கள். இந்தக் கோணம் என் நினைவுக்கே வராதது தவறுதான். வகை 1 முதல் 6 வரை ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரெய்ல் தாள் செய்துவைத்து, எந்தச் சீட்டு கைக்கு வருகிறதோ அதற்குரிய தாளைக் கொடுத்தால் சரியாகுமா?

சுடர்விழி

தாள் மாறிப் போனால் எனக்குத் தெரியவே தெரியாது. வேறு ஒருவருக்குக் குறி போட்டுவிட்டு மகிழ்ச்சியோடு வீட்டுக்குப் போவேன். சீட்டிலேயே வகை எண்ணைத் தடவி அறியும்படி ஓர் ஓரத்தில் வெட்டு இருந்தால், தாளிலும் அதே வெட்டு இருந்தால், நானே ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ள முடியும். வகை 1க்கு ஒரு வெட்டு, வகை 2க்கு இரண்டு. எழுதும்போது தோன்றியது. செய்து பார்த்துத்தான் சொல்ல முடியும்.

செல்வநாயகி

நல்ல வழி. அந்த வெட்டு எண்ணும் மேசைக்கும் உதவும்.

பழனிவேல் ஐயா, மூன்றாவது பட்டன் பற்றிய உங்கள் எதிர்ப்புக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. பொதுத் தேர்தலில் சின்னம் இருப்பதால் வரிசையின் பலம் குறைவு. சுழற்றுவதால் வரும் குழப்பமோ அதிகம். அங்கே சுழற்ற வேண்டும் என்று நான் வாதாட மாட்டேன். சின்னம் இல்லாத, ஆள் தெரியாத, வாக்காளர் அனைவரும் படிக்கத் தெரிந்த தேர்தலுக்கு மட்டுமே இதைச் சொல்கிறேன்.

மணிமாறன், சீட்டைக் கொடுக்கும் முறையில் கவனம் வேண்டும். வகை 1 முழுவதையும் தலைமை அலுவலகத்துக்கும் வகை 2 முழுவதையும் கிளைக்கும் அனுப்பினால் கலிபோர்னியாவின் தொகுதிச் சிக்கல் உங்களுக்கும் வந்துவிடும். ஒரு பெரிய தாளில் ஆறு வகையையும் ஆறு கட்டமாக அச்சடிக்கச் சொல்லுங்கள். வெட்டினால் ஆறு அடுக்கு வரும். ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் ஒரு சீட்டு எடுத்து 1, 2, 3, 4, 5, 6, மறுபடி 1 என்று கோத்த பிறகே அடிக்கட்டையில் வரிசை எண் குத்த வேண்டும். பிறகு எந்தக் கட்டு எந்தச் சாவடிக்குப் போனாலும் எல்லா வகையும் சமமாகப் போகும்.

வகை வகையாக எண்ணினால் உங்களுக்கு ஒரு விடையும் கிடைக்கும். ஒவ்வொரு வகையிலும் தலைப்பெயர் வாங்கிய வாக்கை மட்டும் எடுத்து ஆறையும் கூட்டுங்கள். 900 பேரும் வாக்களித்து, மேல் இடத்துக்குச் செல்வாக்கே இல்லை என்றால், அந்தக் கூட்டுத்தொகை 150 அளவில் இருக்கும். யார் எவ்வளவு பிரபலம் என்பது இதைப் பாதிக்காது. ஆறு பேரும் ஒவ்வொரு முறை மேலே இருந்திருக்கிறார்கள். தற்செயலாக 20, 22 கூடலாம், குறையலாம். 172ஐத் தாண்டினால் மேல் இடம் வாக்கு வாங்கித் தந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். 190 என்றால் சந்தேகமே வேண்டாம்.

தென்றல்

அப்படியானால் சென்ற தேர்தலில் அந்த 11 வாக்கு வரிசையால் வந்ததா என்றும் கண்டுபிடிக்கலாமா?

செல்வநாயகி

முடியாது. 900 சீட்டிலும் ஒரே வரிசை. வென்றவரின் பெயரும் மேல் இடமும் பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டுவிட்டன. அவர் தகுதியால் வென்றாரா, இடத்தால் வென்றாரா என்று அந்தச் சீட்டுகளை எத்தனை முறை எண்ணினாலும் தெரியாது. தோற்றவரின் குறை பொய் என்றும் நிரூபிக்க முடியாது, மெய் என்றும் நிரூபிக்க முடியாது.

ஹோபார்ட் கயல்

ஒரு சந்தேகம், அம்மா. எங்காவது சிறிய கிளையில் 12 பேர்தான் வாக்களிப்பார்கள் என்றால், அங்கே வகைக்கு இரண்டு சீட்டு. வகை எண்ணும் தெரிந்து, சாவடி வாரியாகவும் எண்ணினால் யார் யாருக்குப் போட்டார் என்று ஊகிக்க முடியுமே? சீட்டு கொடுக்கும்போது மேசையில் இருப்பவர் வகையைப் பார்க்கிறார் அல்லவா?

மணிமாறன்

எங்களுக்கு அப்படி மூன்று கிளைகள் இருக்கின்றன. எல்லாப் பெட்டிகளையும் ஓரிடத்தில் கொட்டிக் கலந்துவிட்டு எண்ணலாம் என்று நினைக்கிறேன்.

பழனிவேல்

கலந்தால் எந்தப் பெட்டியில் கூடுதல் சீட்டு விழுந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. முதலில் ஒவ்வொரு பெட்டியிலும் சீட்டுகளை மடித்தபடியே எண்ணிக் கணக்குக் காட்டுங்கள். பிறகு கலக்குங்கள். பிறகு வகை பிரியுங்கள். மூன்று கட்ட வேலை, நேரம் கூடும்.

மணிமாறன்

ஞாயிறு காலை குழுக் கூட்டம். ஆறு வகைப் பட்டியலையும் வெட்டு யோசனையையும் கொண்டுபோகிறேன். அச்சகத்தில் கேட்டேன்: ஆறு கட்டத் தாள் பிரச்சினை இல்லை, கோப்பதற்குத் தனிக் கூலி என்றார். ஓரத்தில் வெட்டுப் போடும் அச்சு தன்னிடம் இல்லை என்கிறார். கையால் வெட்டினால் 900 சீட்டிலும் ஒரே அளவில் வருமா, சுடர்விழி? உங்கள் விரலுக்கு எவ்வளவு ஆழம் போதும்?

சுடர்விழி

ஆழத்தைவிட இடைவெளிதான் முக்கியம். வெட்டுகள் நெருங்கிவிட்டால் இரண்டா மூன்றா என்று தெரியாது. வகைக்கு ஒன்றாக ஆறு மாதிரிச் சீட்டுகளை வெட்டி எனக்கு அஞ்சலில் அனுப்புங்கள். தடவிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.